கல்யாணப் பத்திரிகையில் ஜோடி போட்டோ.. ஓரம் பிசிறு அடிக்காமல் ‘கட்’ பண்ணுவது எப்படி?

மொபைலில் பார்க்கும்போது கச்சிதமாக இருந்த ஜோடி படம், அச்சாகி வந்த கல்யாணப் பத்திரிகையில் வேறு மாதிரி தெரிகிறது. புடவை ஓரம் படிக்கட்டு போல ஏறி இறங்குகிறது. மாப்பிள்ளையின் தோளைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு. பொண்ணின் தலைமுடியோ ஹெல்மெட் மாட்டியது போல வழவழவென்று நிற்கிறது. "போன்ல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கேட்பதற்குள் 500 பத்திரிகையும் அடித்து முடிந்திருக்கும்.

இந்தப் பிசிறு ஏன் வருகிறது? ஜோடியை மட்டும் சுத்தமாகப் பிரித்தெடுப்பது எப்படி? ஒரு படத்தையே எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்க்கலாம்.

இருப்பது ஒரே ஒரு படம்

ஏற்காடு மலையில் வெள்ளக்கடை பக்கம் ஒரு காபித் தோட்டம். நிச்சயம் முடிந்த மறுநாள், மாப்பிள்ளையும் பொண்ணும் அங்கே நிற்க, கூட வந்த யாரோ ஒருவர் போனில் ஒரு படம் எடுக்கிறார். அடுத்த நாளே மாப்பிள்ளை வேலைக்காக வெளிநாடு போய்விடுகிறார். திரும்பி வருவது கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடிதான். ஆக, இருவரும் சேர்ந்து நிற்கும் நல்ல படம் இது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்வோம். பத்திரிகையில் போட இதைவிட்டால் வேறு படம் இல்லை.

படத்தில் என்னென்ன இருக்கிறது? இருவரின் முழங்காலுக்குக் கீழே காபிச் செடிகள் மறைத்துவிட்டன. இடுப்பு உயரத்துக்கும் பச்சை இலைகள். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் மிளகுக் கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம். இருவரின் தலைக்குப் பின்னால் வெள்ளையாக மலை மூடுபனி. பொண்ணு சிவப்புப் பட்டு, தலையில் மல்லிகைச் சரம். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வேட்டி.

இந்த விவரங்கள் எல்லாம் ஏன் முக்கியம் என்றால், ஓரத்தை எப்படி வெட்டுவது என்பதை முடிவு செய்வதே பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான். முடிக்கு ஒரு வழி, புடவைக்கு ஒரு வழி, மல்லிகைக்கு ஒரு வழி. எல்லாவற்றையும் ஒரே கருவியால் வெட்டப் போனால்தான் பிசிறு.

முதல் தவறு வெட்டும்போது நடப்பதில்லை.. அனுப்பும்போது!

பெரும்பாலான வீடுகளில் படம் பிரஸ்ஸுக்குப் போவது வாட்ஸ்அப்பில். அங்கேயே பாதி வேலை கெட்டுவிடுகிறது.

போன் எடுத்த ஒரிஜினல் படம் 4000 x 3000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஜோடி பாதி உயரம், அதாவது 1500 பிக்சல் உயரத்துக்கு இருக்கிறது. அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. பத்திரிகையில் ஜோடி 4 அங்குல உயரம் வரவேண்டும் என்றால் 1200 பிக்சல் தேவை. கையில் 1500 இருக்கிறது. தாராளம்.

அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால், நீளப் பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். ஜோடியின் உயரம் வெறும் 600 பிக்சல். அதை 4 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 150 பிக்சல்தான் மிஞ்சும். தேவையில் பாதி. போன் திரையில் இது தெரியாது, காகிதத்தில் தெரிந்துவிடும்.

சுருங்குவது மட்டும் பிரச்னை இல்லை. போன் படங்கள் பெரும்பாலும் ஜேபெக் ஃபைல்கள். ஜேபெக் முறை இடத்தை மிச்சப்படுத்த, வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைக் கொஞ்சம் தோராயமாகவும் சேமிக்கிறது. பல படங்களில் பக்கத்துப் பக்கத்து நான்கு பிக்சலுக்கு ஒரே நிறத் தகவல்தான் இருக்கும். அதனால் சிவப்புப் புடவையும் பச்சை இலையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றின் நிறம் மற்றதில் கசியும். படம் சுருங்கிச் சுருங்கி மறுபடி சேமிக்கப்பட்டால் கசிவு இன்னும் அகலமாகும். வெட்டிய பிறகு தோளில் தெரியும் அந்தப் பச்சைக் கோட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

தீர்வு சுலபம். படம் எடுத்தவரின் போனில் இருந்தே ஒரிஜினலை வாங்க வேண்டும். வாட்ஸ்அப் என்றால் போட்டோவாக அனுப்பாமல் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். மெயில், டிரைவ் லிங்க், கேபிள் எதுவானாலும் சரி. வந்ததும் ஃபைலின் விவரத்தில் பிக்சல் அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.

படிக்கட்டு ஓரம் எப்படி உண்டாகிறது?

படத்தை 800 சதவீதம் ஜூம் பண்ணிப் பார்த்தால் விஷயம் புரியும். புடவை முடிந்து இலை தொடங்கும் இடத்தில் கத்தியால் கீறியது போன்ற கோடு இருக்காது. இரண்டு, மூன்று பிக்சல்கள் பாதி புடவையாகவும் பாதி இலையாகவும் கலந்த நிறத்தில் இருக்கும். கண்ணுக்கு ஓரம் வழுவழுப்பாகத் தெரிவதே இந்தக் கலப்பு பிக்சல்களால்தான்.

பின்னணியை ஒரே தட்டில் தேர்ந்தெடுக்கும் ‘மேஜிக் வாண்ட்’ போன்ற கருவியால் அழித்தால், ஒவ்வொரு பிக்சலுக்கும் ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று இரண்டே பதில்தான் கிடைக்கும் நிலை வரலாம். கலப்பு பிக்சலில் சில முழுதாக நிற்கும், சில முழுதாகப் போகும். அதுதான் படிக்கட்டு. நின்றுபோன பிக்சல்களில் ஒட்டியிருக்கும் இலை நிறம்தான் பச்சைக் கோட்டின் இன்னொரு காரணம்.

எனவே செய்ய வேண்டியது இரண்டு. கலப்பு பிக்சல்களுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி வெட்ட வேண்டும். வெட்டிய ஓரத்தை ஒன்றிரண்டு பிக்சல் அளவுக்கு மென்மையாக்க வேண்டும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் ஒரு பிக்சல் என்பது 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவு. உள்ளே தள்ளி வெட்டியதால் மாப்பிள்ளை இளைத்துவிட மாட்டார்!

உடலும் உடையும்: புள்ளி வைத்துக் கோடு

இந்த வேலைக்கு ஜிம்ப் என்ற மென்பொருள் போதும். கம்ப்யூட்டரில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். போட்டோஷாப் தெரிந்தவர்கள் அதிலும் இதே முறையில் செய்யலாம். விரல் நுனியால் போனில் ஓரம் வரைவதைவிட மவுஸில் வரைவது பல மடங்கு துல்லியம்.

படத்தைத் திறந்ததும் முதலில் Layer > Transparency > Add Alpha Channel. வெட்டிய இடம் வெள்ளையாகாமல் ஒளி ஊடுருவும்படி இருக்க இது தேவை. அந்த லேயரை ஒரு டூப்ளிகேட் எடுத்து, அதன் கண் அடையாளத்தை அணைத்துவைக்கவும். முடி வேலைக்கு அது பின்னால் தேவைப்படும்.

அடுத்து 200 சதவீதம் ஜூம் வைத்து, Paths கருவியால் வேட்டி ஓரத்தில் தொடங்கலாம். ஒரு இடத்தில் கிளிக் செய்தால் புள்ளி விழும். கிளிக் செய்து அப்படியே இழுத்தால் கோடு வளையும். இங்கேதான் பலர் சறுக்குவார்கள். புள்ளிகளை நெருக்கி நெருக்கி வைத்தால் ஓரம் நடுங்கும். தோள் மாதிரி நீண்ட வளைவுக்கு இரண்டு மூன்று புள்ளி போதும். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் புதுப் புள்ளி. எல்லாப் புள்ளியும் உண்மையான ஓரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பிக்சல் உள்ளே.

தலையை நெருங்கும்போது முடியின் வெளி இழைகளைத் துரத்த வேண்டாம். முடி அடர்த்தியாக, பின்னணி தெரியாமல் கறுப்பாக இருக்கும் இடத்துக்கு உள்ளேயே கோடு போகட்டும். மல்லிகைச் சரத்தை மட்டும் பூவின் வெளி ஓரம் வரை பொறுமையாகச் சுற்றி வர வேண்டும். வெள்ளைப் பூவும் வெள்ளைப் பனியும் ஒன்றோடு ஒன்று கலந்திருப்பதால், நிறத்தைப் பார்த்துப் பிரிக்கும் எந்தக் கருவிக்கும் வித்தியாசம் தெரியாது. தோள் உயரத்தில் பனிக்கு எதிரே இருக்கும் வெள்ளைச் சட்டைக்கும் இதே கதைதான். அங்கே மனிதக் கண் மட்டுமே உதவும்.

கோடு முழுச் சுற்று வந்ததும் Ctrl அழுத்திக்கொண்டு முதல் புள்ளியைக் கிளிக் செய்தால் வட்டம் மூடும். கருவியின் அமைப்புகளில் உள்ள Selection from Path பட்டனை அழுத்தினால் அந்தக் கோடு தேர்வாக மாறும். பிறகு Select > Feather சென்று 2 பிக்சல் கொடுக்க வேண்டும். 10, 15 என்று ஏற்றினால் ஜோடியைச் சுற்றிப் புகை மூட்டம் போலாகிவிடும். அதுவும் பார்க்க நன்றாக இருக்காது.

அழிக்காதீங்க.. மறைங்க!

தேர்வு தயாரானதும் டெலிட் பட்டனைத் தட்டத் தோன்றும். வேண்டாம். லேயர் மீது ரைட் கிளிக் செய்து Add Layer Mask, அதில் Selection என்பதைத் தேர்ந்தெடுக்கவும். பின்னணி மறைந்துவிடும், ஆனால் அழியாது. மாஸ்க் என்பது படத்தின் மேல் போட்ட திரை. மாஸ்க்கில் கறுப்பு பூசினால் அந்த இடம் மறையும். வெள்ளை பூசினால் திரும்ப வரும். சாம்பல் பூசினால் பாதி தெரியும். காது மடல் வெட்டுப்பட்டுவிட்டால் வெள்ளை பிரஷ்ஷால் இரண்டு தடவல், அவ்வளவுதான்.

கைக்கும் இடுப்புக்கும் நடுவில் பச்சை தெரியும் சந்தை மறந்துவிடக் கூடாது. அவசர வேலை என்பதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்தச் சந்துதான். அதைச் சுற்றி இன்னொரு கோடு போட்டுத் தேர்வாக்கி, Feather கொடுத்து, மாஸ்க்கைக் கிளிக் செய்துகொண்டு கறுப்பால் நிரப்பினால் போதும். முடிந்ததும் Select > None.

இப்போது தோளில் இன்னும் லேசாகப் பச்சை தெரிந்தால்? அது கசிந்த நிறமாக இருக்கலாம், வெயிலில் இலையில் பட்டு எதிரொளித்த வெளிச்சமாகவும் இருக்கலாம். மேலும் மேலும் உள்ளே வெட்டிக்கொண்டே போக வேண்டாம். மாஸ்க்கை விட்டு, படத்தைக் கிளிக் செய்துகொள்ளவும். Clone கருவியை எடுத்து, ஓரத்துக்குப் பத்து பிக்சல் உள்ளே இருக்கும் சுத்தமான புடவை நிறத்தை Ctrl கிளிக்கால் எடுத்து, ஓரத்தின் மேல் தடவலாம். வெளியே வழிந்தாலும் கவலை இல்லை. வெளியே இருப்பதைத்தான் மாஸ்க் மறைத்துவிட்டதே! அழிக்காமல் மறைத்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

முடிக்கு மூடுபனி செய்யும் உதவி

முடி இழை ஒவ்வொன்றையும் கோடு போட்டு வெட்ட யாராலும் முடியாது. வெட்டினால் வருவதுதான் ஹெல்மெட் முடி. ஆனால் இந்தப் படத்தில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு. தலைக்குப் பின்னால் இருப்பது இலை இல்லை, வெள்ளை மூடுபனி. கறுப்பு இழை, வெள்ளைப் பின்னணி. இது போதும்.

பத்திரிகையின் பின்னணி சந்தன நிறம் என்று வைத்துக்கொள்வோம். அந்த டிசைனை பிரஸ்ஸிடம் இருந்தே வாங்கி, File > Open as Layers மூலம் கொண்டுவந்து எல்லாவற்றுக்கும் அடியில் வைக்க வேண்டும். மேலே மாஸ்க் போட்ட ஜோடி. இரண்டுக்கும் நடுவில், முதலில் அணைத்துவைத்த டூப்ளிகேட் லேயர். அதன் இடமும் அளவும் மேலே உள்ள ஜோடியோடு அச்சுப் பிசகாமல் பொருந்த வேண்டும். எனவே ஜோடியை நகர்த்துவதாக இருந்தால் இரண்டு லேயரையும் சேர்த்தே நகர்த்த வேண்டும்.

இப்போது நடு லேயரின் கண்ணைத் திறந்து, Colors > Desaturate மூலம் கறுப்பு வெள்ளையாக்கவும். பிறகு Colors > Levels திறந்து, வலது ஓர முக்கோணத்தை மெதுவாக இடப்பக்கம் நகர்த்தினால், தலையைச் சுற்றியுள்ள பனி வெளுத்துக்கொண்டே வரும். பனி சுத்த வெள்ளையாகி, முடி இன்னும் கறுப்பாக இருக்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதைத் தாண்டினால் மெல்லிய இழைகளும் வெளுத்துக் காணாமல் போகும்.

கடைசியாக அந்த லேயரின் Mode என்பதை Multiply ஆக மாற்றவும். இந்த முறையில் வெள்ளை நிறம் கண்ணாடி போலாகிவிடும், கறுப்பு மட்டும் கீழே உள்ள நிறத்தின் மேல் நிற்கும். பனி மாயமாகி, ஒவ்வொரு இழையும் சந்தன நிறத்தின் மேல் தனித்தனியாகத் தெரியும். இடுப்பைச் சுற்றியுள்ள இலைகளும் கூடவே தெரியும் என்பதால், இந்த லேயருக்கு முழுக் கறுப்பு மாஸ்க் கொடுத்து, தலையைச் சுற்றி மட்டும் மென்மையான பிரஷ்ஷால் வெள்ளை பூசிக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. Multiply முறை நிறத்தைக் கருமையாக்க மட்டுமே செய்யும். எனவே பத்திரிகைப் பின்னணி சந்தனம், இளமஞ்சள், ரோஸ் மாதிரி வெளிர் நிறமாக இருக்க வேண்டும். அரக்கு, கரும்பச்சை நிறத்தின் மேல் கறுப்பு இழை எப்படியும் தெரியாது. அங்கே தலைக்குப் பின்னால் மட்டும் வெளிர் நிறத்தில் ஒரு வட்டமோ வளைவோ டிசைனில் கேட்டு வாங்குவது நல்லது.

தலைக்குப் பின்னால் பனிக்குப் பதிலாக இலைகள் இருந்திருந்தால்? இலையின் நிழல்களும் கறுப்பு என்பதால் இந்த வழி எடுபடாது. முடியின் அடர்ந்த பகுதிக்கு உள்ளேயே வெட்டி, அந்த ஓரத்துக்கு மட்டும் கூடுதல் மென்மை கொடுத்து, 2 பிக்சல் பிரஷ்ஷில் முடி நிறத்திலேயே நாலைந்து இழைகளை வரைந்துவிடுவார்கள் அனுபவசாலிகள். அதுவும் சரிப்படவில்லை என்றால் வெட்டாமல் விடுவதே மேல். காபித் தோட்டப் பின்னணியோடு ஒரு முட்டை வடிவச் சட்டத்துக்குள் ஜோடியை வைத்தால், மோசமாக வெட்டிய படத்தைவிட நூறு மடங்கு அழகாக இருக்கும்.

கால் எங்கே?

முழங்காலுக்குக் கீழே காபிச் செடி மறைத்துவிட்டது. இலைகளின் வடிவத்திலேயே வெட்டினால் ஜோடியின் கீழ்ப்பகுதி எலி கடித்தது போல இருக்கும். இல்லாத காலை வரையவும் முடியாது. இலை தொடங்குவதற்கு மேலேயே நேராக முடித்து, அந்த இடத்தில் பத்திரிகையின் பூ வேலைப்பாடோ பெயர்ப் பட்டையோ மேலே ஏறி மறைக்கும்படி வைத்துவிடலாம். இடுப்பு ஓரத்தில் குறுக்கே வந்த ஒன்றிரண்டு இலைகளுக்கு மேலே சொன்ன Clone கருவியே போதும்.

பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் மூன்று சோதனைகள்

ஒன்று, நிறச் சோதனை. அடியில் தற்காலிகமாக ஒரு லேயர் போட்டு, ஒருமுறை பளிச் சிவப்பு, ஒருமுறை கறுப்பு, ஒருமுறை வெள்ளை நிரப்பிப் பார்க்க வேண்டும். வெள்ளையில் ஒளிந்திருக்கும் வெளிர் ஓரம் கறுப்பில் பல்லைக் காட்டும். பச்சைக் கசிவு சிவப்பில் அகப்படும். முடி லேயரை மட்டும் பத்திரிகை நிறத்தில் பார்த்தால் போதும்.

இரண்டு, அளவுச் சோதனை. வெட்டும் வேலை முழுவதும் ஒரிஜினல் அளவில்தான் நடக்க வேண்டும். சுருக்குவது கடைசியில், ஒரே முறை. சுருக்கும்போது ஓரம் இன்னும் வழுவழுப்பாகும். சிறிய படத்தை வெட்டிவிட்டுப் பெரிதாக்கினால் படிக்கட்டும் சேர்ந்து பெரிதாகும்.

மூன்று, ஃபைல் சோதனை. ஜோடியை மட்டும் தனியாக அனுப்புவது என்றால் பிஎன்ஜி ஃபைல்தான். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் பகுதி என்ற ஒன்றே கிடையாது. மறைத்த இடம் வெள்ளைப் பெட்டியாகத் திரும்பிவிடும். ஜிஃப் ஃபைலில் ‘உண்டு, இல்லை’ இரண்டுதான் என்பதால், பார்த்துப் பார்த்து மென்மையாக்கிய ஓரம் மறுபடி படிக்கட்டாகும். சாதாரண பிஎன்ஜியில் ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு தெரிய வேண்டும் என்பதற்கு 256 நிலைகள் உண்டு.

ஆனால் முடிக்கு Multiply முறையைப் பயன்படுத்தியிருந்தால் ஜோடியைத் தனியாக பிஎன்ஜி எடுக்கக் கூடாது. அடியில் பத்திரிகை இல்லாதபோது அந்த முறைக்கு வேலை இல்லை. பனி அப்படியே வெள்ளைத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பத்திரிகை டிசைனோடு சேர்த்து முழுப் படமாக எடுத்துக் கொடுத்துவிட்டு, அதன் மேல் பெயர், தேதி, முகூர்த்த நேரத்தை பிரஸ்ஸில் ஏற்றச் சொல்லலாம். லேயர்களாகவே வேண்டும் என்று கேட்டால் பிஎஸ்டி ஃபைலாக அனுப்பலாம்.

ப்ரூஃப் காகிதத்தில் பாருங்க

பிரஸ்ஸில் இருந்து ப்ரூஃப் வாட்ஸ்அப்பில்தான் வரும். பெயரில் எழுத்துப் பிழை பார்க்க அது போதும், ஓரம் பார்க்கப் போதாது. திரையில் வெளிச்சமாகத் தெரியும் சிவப்பு, அச்சு மையில் கொஞ்சம் அடங்கித்தான் வரும். அந்த மாற்றத்தில், திரையில் கண்ணுக்குப் படாத ஓரக்கோடு மேலே எழும்பி வருவதும் உண்டு.

அதனால் ஒரே ஒரு பிரதியை உண்மையான அளவில், அதே காகிதத்தில் எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தில், கை நீட்டும் தூரத்தில் வைத்து மூன்று இடங்களைப் பார்த்தால் போதும். மல்லிகைச் சரத்தின் ஓரம், கைக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள சந்து, மாப்பிள்ளையின் தோள். அங்கே பிசிறு தெரிந்தால் மாஸ்க்கைத் திறந்து சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அது 500 பத்திரிகை அடிப்பதற்கு முன்னாடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.